கட்டை நகராது, பந்து பறக்கும், நீர் நழுவும்

மேல்நிலை வகுப்பு உடற்கல்வித் தேர்வில் தவறாமல் வரும் ஒரு கேள்வி உண்டு. நியூட்டனின் இயக்க விதிகளை விளையாட்டு எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக. மூன்றாம் விதிக்கு வரும்போது மாணவர்கள் எழுதுவது அநேகமாக இப்படித்தான் இருக்கும்: "ஓட்டக்காரர் ஸ்டார்ட்டிங் பிளாக்கைப் பின்னால் தள்ளுகிறார், பிளாக் அவரை முன்னால் தள்ளுகிறது. கால் பந்தை உதைக்கிறது, பந்தும் காலை உதைக்கிறது. நீச்சல்காரர் நீரைப் பின்னால் தள்ளுகிறார், நீர் அவரை முன்னால் தள்ளுகிறது."

மூன்று வாக்கியமும் சரிதான். ஒவ்வொரு வினைக்கும் அதற்குச் சமமான எதிர்வினை உண்டு என்று 1687-இல் நியூட்டன் எழுதியதில் தப்பேதும் இல்லை. ஆனால் இந்த விடையைப் படிக்கிற ஆசிரியருக்கு ஒரு சந்தேகம் எழ வேண்டும். மூன்று இடத்திலும் விதி ஒன்றே என்றால், நல்ல ஓட்டக்காரர் பிளாக்கை விட்டு வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் கிளம்புவதும், பந்து 25 மீட்டர் வேகத்தில் பறப்பதும், உலகத்தின் மிக வேகமான நீச்சல்காரர் 2 மீட்டரைச் சற்றே தாண்டுவதும் எதனால்?

மூன்றாம் விதி மட்டும் இதற்குப் பதில் சொல்லாது. விசை எங்கிருந்து வருகிறது என்பதை மட்டுமே அது சொல்லும். அந்த விசை என்ன வேகத்தைத் தரும் என்பது இரண்டாம் விதியின் வேலை. அதற்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: எவ்வளவு நேரம் தள்ள முடிந்தது, நாம் தள்ளிய பொருள் எவ்வளவு விட்டுக்கொடுத்தது. பிளாக் நகராது. பந்து கண்ணிமைப்பதற்குள் ஓடிவிடும். நீர் கையிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கும். மூன்று விளையாட்டுக்கும் உள்ள வேறுபாடு இதில்தான் இருக்கிறது.

பிளாக்: பந்தயத்தின் மிக நீண்ட உதை

பிளாக் வருவதற்கு முன்பு ஓட்டக்காரர்கள் கையில் சிறு கரண்டியோடு மைதானத்துக்கு வருவார்கள். கரிப்பொடி பரப்பிய ஓடுதளத்தில், தொடக்கக் கோட்டுக்குப் பின்னால், இரண்டு பாதத்துக்கும் இரண்டு குழி தோண்டிக்கொள்வார்கள். 1936-இல் பெர்லினில் நான்கு தங்கம் வென்ற ஜெஸ்ஸி ஓவன்ஸும் அப்படித் தோண்டிய குழியிலிருந்துதான் எழுந்து ஓடினார். ஒலிம்பிக்கில் பிளாக் முதன்முதலாக வந்தது 1948-இல், லண்டனில்.

குழியும் பிளாக்கும் செய்கிற வேலை ஒன்றே. சமதளத்தில் நின்று பின்னோக்கி உதைத்தால் உராய்வு தாங்குகிற அளவுக்குத்தான் உதைக்க முடியும். அதற்கு மேல் உதைத்தால் பாதம் வழுக்கும். சாய்ந்த பிளாக்கில் பாதம் பதிந்துவிட்டால் வழுக்க இடமில்லை. உடலை நன்றாகத் தாழ்த்தி, விசையைப் பெருமளவு பின்னோக்கியே செலுத்தலாம். பிளாக் தரையில் அறையப்பட்டிருக்கிறது, தரை பூமியோடு ஒட்டியிருக்கிறது. ஆகவே நாம் கொடுத்த விசை எதிர்ப்பொருளை நகர்த்துவதில் வீணாவதில்லை.

இப்போது ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மாணவியின் எடை 60 கிலோ. துப்பாக்கி வெடித்து அவள் தள்ளத் தொடங்கியது முதல் முன்கால் பிளாக்கை விடும்வரை 0.35 வினாடி. விடும்போது முன்னோக்கிய வேகம் வினாடிக்கு 3 மீட்டர்.

F × t = m × v

அதாவது, விசையை நேரத்தால் பெருக்கினால் வருகிற கணத்தாக்கு, உந்தத்தில் ஏற்பட்ட மாற்றத்துக்குச் சமம். உந்தம் 60 × 3 = 180. அதை 0.35-ஆல் வகுத்தால் சராசரியாக 514 நியூட்டன் முன்னோக்கிய விசை கிடைக்கிறது. அவளுடைய எடையே 588 நியூட்டன்தான். ஏறக்குறைய தன் எடை அளவு விசையைப் படுக்கைவாட்டில் வாங்கியிருக்கிறாள்.

இந்த 0.35 வினாடி மிகப் பெரிய சொத்து. முழு வேகத்தில் ஓடும்போது பாதம் ஒவ்வொரு முறையும் தரையைத் தொடுவது சுமார் 0.1 வினாடிதான். பந்தயம் முழுவதிலும் இவ்வளவு நீண்ட உதை வேறெங்கும் கிடைக்காது.

ஆனால் பிளாக்கை விட்டுச் சீக்கிரம் போய்விட வேண்டும் என்று பலர் அவசரப்படுகிறார்கள். அவர்கள் கண்ணுக்கு முதலில் கிளம்பியவர் முதலில் இருப்பவராகத் தெரிகிறார். அதே மாணவி அதே விசையோடு தள்ளி, 0.30 வினாடியிலேயே காலை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? கணத்தாக்கு 154 ஆகக் குறையும். வேகம் 2.57 மீட்டர்தான். இரண்டு முயற்சியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 0.30-ஆவது வினாடியில் இருவரும் ஒரே இடத்தில், ஒரே வேகத்தில் இருப்பார்கள். அதற்குப் பிறகு ஒருத்தி இன்னும் தள்ளிக்கொண்டிருக்கிறாள். மற்றவள் காற்றில் இருக்கிறாள். காற்றில் இருக்கும்போது தள்ள எதுவும் இல்லை, ஆகவே முன்னோக்கிய வேகம் ஏறாது. சீக்கிரம் கிளம்பியவள் முந்தியிருப்பதுபோல் தோன்றினாலும் உண்மையில் பின்தங்கிவிட்டாள்.

பிளாக்கில் நேரத்தைக் குறைக்கவே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. குறைந்த நேரத்தில் அதிக விசை கொடுக்க முடிந்தால் அதுதான் சிறந்தது. விசை ஏறாமல் நேரம் மட்டும் குறைந்தால் நட்டம்.

பத்து டிகிரியின் விலை

இரண்டாவது தவறு திசையில் நடக்கிறது. பிளாக் நம் உடலைத் தள்ளும் விசை முழுவதும் முன்னால் இல்லை. ஒரு பகுதி மேல்நோக்கி வர வேண்டும். இல்லாவிட்டால் புவியீர்ப்பு நம்மை முகங்குப்புற விழவைத்துவிடும்.

நம் மாணவிக்கு மேல்நோக்கிய பகுதி 617 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். அதில் 588 அவள் எடையைத் தாங்கவே போய்விடுகிறது. எஞ்சிய 29 நியூட்டன் அவளை மெல்ல எழுப்புகிறது. இந்த 617-ஐயும் முன்னோக்கிய 514-ஐயும் சேர்த்தால் மொத்த விசை சுமார் 805 நியூட்டன். அதன் திசை தரையிலிருந்து 50 டிகிரி சாய்வு.

அவள் தலையை நிமிர்த்தி, முதுகை அவசரமாக நேராக்கிவிடுகிறாள். மொத்த விசை அதே 805 தான். சாய்வு மட்டும் 60 டிகிரி ஆகிறது. இப்போது முன்னோக்கிய விசை 402 நியூட்டனாகச் சரிகிறது. கிளம்பும் வேகம் 3 மீட்டரிலிருந்து சுமார் 2.35 மீட்டராக இறங்குகிறது. வலிமை குறையவில்லை, நேரம் குறையவில்லை. பத்து டிகிரி மாறியதற்கே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேகம் போய்விட்டது. அதோடு, மேல்நோக்கிய மிச்ச விசை கூடிவிட்டதால் அவள் தேவைக்கு மேல் எம்புகிறாள். முதல் காலடி தரையைத் தொட அதிக நேரம் ஆகிறது. அந்த நேரத்திலும் தள்ள முடியாது.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம். கைபேசியில் வினாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷன் இருந்தால் போதும். பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில் கைபேசியை நிறுத்திப் படம் பிடியுங்கள். உடல் அசையத் தொடங்கிய படத்திலிருந்து முன்கால் பிளாக்கை விட்ட படம் வரை எண்ணுங்கள். 84 படம் என்றால் 0.35 வினாடி. முன்கால் விடும் அந்தக் கடைசிப் படத்தில் கணுக்காலிலிருந்து இடுப்பு வழியாகத் தோள் வரை ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு நேராகவும் சாய்வாகவும் இருந்தால் உதை முழுதாகப் போயிருக்கிறது. இடுப்பில் மடிந்திருந்தாலோ, கோடு நிமிர்ந்திருந்தாலோ கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும்.

இங்கே மாணவர்களைக் குழப்பும் ஒரு கேள்வியையும் தீர்த்துவிடலாம். வினையும் எதிர்வினையும் சமம், எதிரெதிர் என்றால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடாதா? அழிக்காது. ஏனென்றால் அவை இரண்டு வேறு பொருள்கள்மேல் செயல்படுகின்றன. மாணவியின் உதை பிளாக்மேல் விழுகிறது. பிளாக்கின் உதை மாணவிமேல் விழுகிறது. என் கணக்கில் உள்ள கடனை உங்கள் கணக்கில் உள்ள வரவு தீர்க்காது. மாணவி எப்படி நகர்வாள் என்று அறிய அவள்மேல் விழும் விசைகளை மட்டும் கூட்ட வேண்டும். விடைத்தாளில் மதிப்பெண் போகிற இடம் பெரும்பாலும் இதுதான்.

பந்து: ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு

பிளாக்குகள் ஒலிம்பிக்குக்கு வந்த அதே 1948 லண்டன் போட்டியில் இந்தியக் கால்பந்து அணியும் ஆடியது. பிரான்ஸிடம் 2–1 என்று தோற்றாலும், இந்திய வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடியது பேசப்பட்டது. வெறும் பாதத்தில் அந்த உதை எவ்வளவு உறைத்திருக்கும் என்பதைக் கணக்கிலேயே பார்த்துவிடலாம்.

விதிப்படி பந்தின் எடை 410 கிராமிலிருந்து 450 கிராம் வரை இருக்கலாம். நடுவில் 430 கிராம் என்று எடுத்துக்கொள்வோம். நின்ற பந்தை உதைத்து வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறோம். கணத்தாக்கு 0.43 × 25 = 10.75. பிளாக்கில் கண்ட 180-உடன் ஒப்பிட்டால் இது அற்பம். ஆனால் காலும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது சுமார் 0.01 வினாடிதான். 10.75-ஐ 0.01-ஆல் வகுத்தால் 1,075 நியூட்டன். 110 கிலோ மூட்டையின் எடைக்கு இது சமம். இது சராசரிதான், உச்சத்தில் இன்னும் கூடும்.

மூன்றாம் விதிப்படி இதே 1,075 நியூட்டன் காலின்மேலும் விழுகிறது. விரல்நுனியால் உதைத்தால் வலிக்கிறது, புறங்காலின் எலும்புப் பகுதியால் உதைத்தால் தாங்குகிறது என்பதற்குக் காரணம் இதுதான்.

சமமான விசை என்றால் கால் ஏன் 25 மீட்டர் வேகத்தில் பின்னால் எறியப்படவில்லை? இரண்டாம் விதி பதில் சொல்கிறது. விசை சமம், நிறை சமமில்லை. பாதமும் முழங்காலுக்குக் கீழுள்ள பகுதியும் சேர்ந்து மோதலில் 3 கிலோ போல நடந்துகொள்கின்றன என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 10.75-ஐ 3-ஆல் வகுத்தால் 3.6. பந்தை நோக்கி 20 மீட்டர் வேகத்தில் வந்த பாதம், பந்து பிரியும்போது 16.4 மீட்டருக்கு இறங்கியிருக்கும். பந்தோ 25-இல் போகும். பாதம் பின்னால் போகவில்லை, வேகம்தான் குறைந்தது. எதிர்வினை என்றாலே பின்னோக்கி நகர்வது என்று எழுதுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பாதத்தைவிடப் பந்து வேகமாகப் போவது எப்படி என்று சிலர் கேட்பார்கள். கனமான பொருள் லேசான, துள்ளும் பொருளை மோதினால் அப்படித்தான் நடக்கும். கேரம் ஆட்டத்தில் ஸ்ட்ரைக்கர் பட்ட காய் ஸ்ட்ரைக்கரைவிட வேகமாகச் சிதறுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

இந்தக் கணக்கிலிருந்து பயிற்சியாளர் சொல்லும் மூன்று அறிவுரைகளுக்குக் காரணம் கிடைக்கிறது.

கணுக்காலை இறுக்கு என்பது முதலாவது. கணுக்கால் தளர்ந்திருந்தால் மோதலில் பாதம் மட்டும் தனியாக மடங்கும். பந்தின் பார்வையில் அதை மோதியது 3 கிலோ கால் அல்ல, ஒரு கிலோ சொச்சமுள்ள பாதம். பாதத்தின் வேகம் அதேதான் என்றாலும் பந்துக்குப் போகும் உந்தம் குறையும். உதைக்கும் சத்தத்தை வைத்தே அனுபவசாலிகள் இதைச் சொல்லிவிடுவார்கள். தளர்ந்த கணுக்கால் மொத்தென்ற மந்தச் சத்தம் தரும்.

ஊன்றுகாலை உறுதியாக வை என்பது இரண்டாவது. உதைகாலை முன்னே வீச உடலுக்குத் தரை உதவி செய்ய வேண்டும். அந்த உதவி ஊன்றுகால் வழியாகவே வருகிறது. ஈரப் புல்லில் ஊன்றுகால் வழுக்கினால் உதை சொத்தையாவதற்குக் காரணம் உராய்வு போதாமல் போனதுதான். மூன்றாம் விதி அப்போதும் பொய்க்கவில்லை. தரையைத் தள்ள முடிந்த அளவுக்குத் தரையும் தள்ளியது. தள்ள முடிந்ததே குறைவு. வலக்காலால் உதைப்பவரின் இடக்கை தானாகவே அகன்று எதிர்ப்புறமாக வீசப்படுவதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். கால் ஒருபக்கம் சுழலும்போது மேலுடல் மறுபக்கம் சுழலப் பார்க்கும். கை அந்தச் சுழற்சியைத் தன்மேல் வாங்கிக்கொண்டு உடலை நிலையாக வைக்கிறது.

பந்து போன பிறகும் காலை வீசிமுடி என்பது மூன்றாவது. பந்து பிரிந்துவிட்ட பிறகு காலை எவ்வளவு வீசினாலும் பந்துக்கு ஒரு துளி விசைகூடப் போகாது. "தொடர்வீச்சால் விசை நீண்ட நேரம் கிடைக்கிறது" என்று வரும் விடைகளை அப்படியே ஏற்க முடியாது. தொடர்பு முடிய 0.01 வினாடிதான். நரம்புக்கு அதற்குள் செய்தி போய்த் திரும்பவே நேரமில்லை. தொடர்வீச்சின் பயன் வேறு. பந்தைத் தொட்டதும் காலை நிறுத்த நினைப்பவர், தொடும் முன்பே வேகத்தைக் குறைக்கத் தொடங்கிவிடுகிறார். வீசிமுடிக்க நினைப்பவர் முழு வேகத்தில் பந்தைச் சந்திக்கிறார். அடுத்து, பாதத்தில் மிச்சமிருக்கும் 16 மீட்டர் வேகத்தை எங்காவது கரைக்க வேண்டும். நீண்ட வீச்சில் மெதுவாகக் கரைத்தால் தொடையின் பின்தசைக்குச் சிறு விசை போதும். சட்டென்று நிறுத்தினால் அதே தசை கிழியும் அளவுக்கு விசை தேவைப்படும். இதுவும் F × t தான், தலைகீழாக.

நீர்: நிற்காத தரை

நீச்சலில் தள்ளும் பொருளே ஓடிவிடுகிறது. பிளாக்கை உதைக்கிறவனுக்குப் பூமி முட்டுக்கொடுக்கிறது. நீரை உதைக்கிறவனுக்கு நீர்தான் முட்டு, அதுவோ தள்ளிய பக்கமே பாய்ந்துவிடுகிறது.

இதற்கு நேரடிச் சாட்சி நீச்சல்குளமே. போட்டிகள் 50 மீட்டர் குளத்திலும் நடக்கின்றன, 25 மீட்டர் குளத்திலும் நடக்கின்றன. ஒரே 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் சாதனை 25 மீட்டர் குளத்தில்தான் குறைந்த நேரத்தில் இருக்கிறது. தூரம் ஒன்று, நீர் ஒன்று. வித்தியாசம் சுவர். 50 மீட்டர் குளத்தில் ஒருமுறை திரும்பினால் போதும். 25 மீட்டர் குளத்தில் மூன்று முறை திரும்ப வேண்டும், அதாவது சுவரை மூன்று முறை உதைக்கலாம். சுவர் நகராது. சுவரை உதைத்துக் கிளம்பும் வேகம் நீந்தும் வேகத்தைவிட அதிகம். அந்த வேகம் கரையும் வரை உடலை அம்புபோல் நீட்டி வழுக்கிப் போவதுதான் அறிவு. நீருக்கடியில் இப்படிப் போவது லாபமாகிவிட்டதால்தான், ஃப்ரீஸ்டைலில் 15 மீட்டருக்குள் தலை வெளியே வந்தாக வேண்டும் என்று விதி வைக்க வேண்டியிருந்தது.

சுவர் இல்லாத இடத்தில் நீரையே சுவராக்க முயல வேண்டும். எப்படி?

ஒரு வாளி நீர் 10 லிட்டர், எடை 10 கிலோ. அதை வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பின்னால் தள்ளினால் உந்தம் 20. அதற்குச் சமமான உந்தம் நமக்கு முன்னோக்கிக் கிடைக்கும். அரை வாளி நீரை 4 மீட்டர் வேகத்தில் தள்ளினாலும் உந்தம் அதே 20 தான். முன்னேற்றத்தில் வித்தியாசமில்லை. ஆனால் செலவில் உண்டு. நீருக்குக் கொடுத்த ஆற்றலைப் பாருங்கள்: ½mv² என்ற கணக்கில் முதல் முறைக்கு 20 ஜூல், இரண்டாவதுக்கு 40 ஜூல். இரு மடங்கு உழைத்து அதே பலன். கொஞ்ச நீரை வேகமாக அள்ளி வீசுவதைவிட நிறைய நீரை நிதானமாகத் தள்ளுவதே சிக்கனம்.

முழங்கையை உயர்த்திப் பிடி என்று நீச்சல் பயிற்சியாளர்கள் தொண்டை வறளக் கத்துவதற்கு இதுவே காரணம். முழங்கை மேலே நின்றால் உள்ளங்கை மட்டுமல்லாமல் முன்கையும் பின்னோக்கிய துடுப்பாகிவிடும். பிடிக்கும் நீர் கூடும். முழங்கை கீழே விழுந்தால் கை நீரை வழுக்கிக்கொண்டு போகும். பிடித்த நீரும் பின்னால் போகாமல் கீழே போகும். கீழே தள்ளினால் எதிர்வினை மேல்நோக்கி வரும். நெஞ்சு எழும், கால் அமிழும், முன்னேற்றம் இருக்காது. ஸ்டார்ட்டிங் பிளாக்கில் நிமிர்ந்து எழுந்த மாணவி செய்த அதே தவறு.

நீச்சல்காரர்களின் கை உண்மையில் நேர்க்கோட்டில் பின்னால் போவதில்லை என்பதை அமெரிக்கப் பயிற்சியாளர் ஜேம்ஸ் கவுன்சில்மேன் நீருக்கடியில் படமெடுத்துக் காட்டினார். 1972-இல் ஏழு தங்கம் வென்ற மார்க் ஸ்பிட்ஸ் இண்டியானா பல்கலைக்கழகத்தில் இவருடைய மாணவர். கை வளைந்து வளைந்து போவதைப் பார்த்து, விமான இறக்கைபோல ஏற்றுவிசைதான் நீச்சல்காரரை இழுத்துச் செல்கிறது என்றுகூட 1970-களில் அவர் வாதிட்டார். அந்த விளக்கம் பின்னாளில் பெரிதும் கேள்விக்குள்ளானது. ஆனால் அவர் கண்டதில் ஓர் உண்மை நிற்கிறது: ஏற்கெனவே பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் நீரை மறுபடி தள்ளுவதில் பயன் குறைவு. கை சற்றே விலகி, இன்னும் அசையாத நீரைத் தேடிப் பிடித்தால் முட்டு கிடைக்கும். விசை எப்படி உண்டானாலும், நீருக்குப் பின்னோக்கிய உந்தம் போயாக வேண்டும் என்ற கணக்கு மட்டும் மாறாது.

வீணாவதை அறிய எளிய வழி கையடிகளை எண்ணுவது. 25 மீட்டரை ஒரே நேரத்தில் கடக்க நேற்று 22 கையடி, இன்று 19 கையடி என்றால் ஒவ்வோர் இழுப்பிலும் அதிக நீர் அகப்பட்டிருக்கிறது. கையோடு சேர்ந்து குமிழிகள் கொத்தாக உள்ளே வந்தால் பிடித்ததில் ஒரு பகுதி காற்று. காற்று நீரைவிடச் சுமார் 800 மடங்கு லேசானது, அதில் முட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

முதலாம் விதி வரும் இடம்

முதலாம் விதியை நின்ற பந்துக்கும் பிளாக்கில் குந்தியிருக்கும் ஓட்டக்காரருக்கும் மட்டும் எழுதிவிட்டுப் போகிறார்கள். அதன் சுவையான பாதி வேறிடத்தில் இருக்கிறது: நிகர விசை இல்லாவிட்டால் பொருள் அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சீனாவின் பான் ஜான்லே 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 46.40 வினாடியில் நீந்தினார். சராசரி வேகம் 2.16 மீட்டர். அவ்வளவு பலசாலி தொடர்ந்து தள்ளிக்கொண்டே இருந்தும் வேகம் ஏன் ஏறிக்கொண்டே போகவில்லை? நீரின் தடையும் வேகத்தோடு சேர்ந்து ஏறுகிறது, அதுவும் ஏறக்குறைய வேகத்தின் வர்க்கத்தில். வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டினால் தடை 21 சதவீதம் கூடும். அதைத் தாங்கத் தேவையான திறன் மூன்றில் ஒரு பங்கு கூடும். ஒரு கட்டத்தில் கை கொடுக்கும் விசையும் நீரின் தடையும் சமமாகிவிடும். நிகர விசை சுழி, வேகம் நிலைக்கும். ஆகவே சீரான வேகத்தில் நீந்துபவரைப் பற்றி "முன்னோக்கிய விசை தடையைவிட அதிகம்" என்று எழுதினால் அது பிழை. அதிகமாக இருந்தால் அவர் முடுக்கம் பெற்றுக்கொண்டிருப்பார். அதனால்தான் தேறிய நீச்சல்காரர்கள் பலம் கூட்டுவதற்கு முன் தடையைக் குறைக்கப் பார்க்கிறார்கள். தலை தாழ்ந்து, இடுப்பு நீர்ப்பரப்போடு நின்றால் அதே விசையில் அதிக வேகம்.

ஓட்டத்திலும் இது நடக்கிறது. 2009 ஆகஸ்டில் பெர்லினில் உசைன் போல்ட் 9.58 வினாடியில் ஓடிய பந்தயத்தைத் துண்டு துண்டாக அளந்திருக்கிறார்கள். முதல் 20 மீட்டருக்கு 2.89 வினாடி. 60-இலிருந்து 80 மீட்டர் வரை 1.61 வினாடி, வினாடிக்கு 12.4 மீட்டர். கடைசி 20 மீட்டருக்கு 1.66 வினாடி. அதாவது உலகசாதனை ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் போல்ட் மெதுவாகிக்கொண்டிருந்தார். கடைசியில் பாய்ந்து முந்துவதாக நம் கண்ணுக்குப் படுவது, மற்றவர்கள் அவரைவிட அதிகமாகக் குறைவதால்தான். பிளாக்கில் நகராமல் முட்டுக்கொடுத்த தரை, முழு வேகத்தில் ஒவ்வொரு காலடிக்கும் 0.1 வினாடிதான் கிடைக்கிறது. அதிலும் பாதம் ஊன்றும் முதல் பகுதியில் தரை நம்மைப் பின்னுக்கே தள்ளுகிறது. வேகம் கூடக்கூட, நகராத தரையும் நழுவும் நீர்போல ஆகிவிடுகிறது.

தேர்வு எழுதும் மாணவருக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. விதியின் எண்ணை எழுதும் முன் மூன்று கேள்விகளுக்கு விடைத்தாளின் ஓரத்தில் பதில் குறித்துக்கொள்ளுங்கள். யார் எதைத் தள்ளுகிறார், எந்தத் திசையில்? எவ்வளவு நேரம்? தள்ளப்பட்டது நகர்ந்ததா, நின்றதா? "பிளாக் ஓட்டக்காரரை முன்னும் மேலுமாகத் தள்ளுகிறது, சுமார் 0.35 வினாடி, பிளாக் நகரவில்லை, ஆகவே கணத்தாக்கு முழுவதும் அவருடைய உந்தமாகிறது" என்று எழுதிய விடையில் மூன்றாம் விதியும் இரண்டாம் விதியும் தாமாகவே வந்து உட்கார்ந்துவிடும். ஒரே ஒரு வரி அதற்கு மேல் தேவைப்படும்: அவர் கிளம்பும்வரை ஏன் அசையாமல் இருந்தார் என்பது. அது முதலாம் விதி.